வில்லன் கைக்குப் போன ஃப்ளாஷ்பேக்

"அண்ணே, நான் தேவகோட்டை. ஒரு குறும்படத்துக்குக் கதை எழுதுகிறேன். வில்லன், நம்ம பக்கத்துப் பழைய வீடுகளை வாங்கி இடித்து, தூணையும் கதவையும் விற்கிறவன். அந்தக் காலத்து வில்லன் மாதிரி கத்தவிடாமல், இப்போதைய படங்களில் வருகிற மாதிரி அவனுக்கு ஒரு பின்கதை வைக்கணும். நம் மாஸ் படங்களில் இந்த மாற்றம் எப்படி வந்தது? ஃப்ளாஷ்பேக் வைத்தாலே வில்லனுக்கு ஆழம் வந்துவிடுமா?"

வராது தம்பி. ஏன் வராது என்று சொல்லத்தான் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது.

நான் இருபது வருஷத்துக்கு மேலாகக் காரைக்குடி, கானாடுகாத்தான் பக்கம் ஷூட்டிங்குக்கு வீடு பார்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நம் வீடுகள் சினிமாவில் பெரும்பாலும் ஒன்று பண்ணையார் வீடு, இல்லையென்றால் வில்லன் வீடு. ஆரம்பத்தில் வந்த ஆர்ட் அசிஸ்டென்ட்கள் வில்லன் வீடு என்றால் முகப்பைத் தாண்டி உள்ளே வரவே மாட்டார்கள். "மான் கொம்பு இருக்கா? சுவரில் மாட்ட ரெண்டு வாள் கிடைக்குமா? பெரிய நாற்காலி ஒன்று வேணும்" என்பார்கள். அவ்வளவுதான். போன சில வருஷங்களில் வருகிறவர்கள் இரண்டாங்கட்டுக்குப் போய் அடுப்படியைப் பார்க்கிறார்கள். பழைய குடும்பப் போட்டோ உண்டா, சின்னப் பையன் தூங்குகிற மாதிரி ஒரு மூலை உண்டா என்று கேட்கிறார்கள். வில்லன் எங்கே உட்கார்வான் என்பதோடு எங்கே வளர்ந்தான் என்பதையும் காட்டவேண்டிய வேலை அவர்களுக்கு வந்துவிட்டது.

முதலில் அந்தச் சத்தத்தைப் பற்றி. பழைய வில்லன் கத்தினான், உருட்டி விழித்தான், கையைப் பிசைந்தான் என்று இப்போது கேலி செய்கிறோம். அது கைத்தொழில் தம்பி. எம்.என்.நம்பியார் நவாப் ராஜமாணிக்கம் நாடகக் குழுவில் பையனாகச் சேர்ந்து வளர்ந்தவர். நாடகக் கொட்டகையில் கடைசி வரிசைக்காரனுக்கு நடிகரின் முகம் சரியாகத் தெரியாது. இவன் கெட்டவன் என்பது குரலிலும் தோளிலும் கையிலும்தான் அங்கே போய்ச் சேரவேண்டும். பி.எஸ்.வீரப்பா அந்தச் சிரிப்பைச் சிரித்தால் வெளியே டீ குடிக்கிறவனுக்கும் வில்லன் வந்துவிட்டது தெரியும். ராஜா கதையில் அவனுக்கு வேண்டியது சிம்மாசனம், சமூகக் கதையில் சொத்து. ஏன் வேண்டும் என்று எவரும் கேட்கவில்லை. வில்லனுக்குக் கதையில் ஒரே ஒரு உத்தியோகம்தான் இருந்தது. ஹீரோ கோபப்பட ஒரு காரணம் கொடுப்பது. அதற்குப் பின்கதை எதற்கு?

நம்ம ஊர்க்காரர்கள் சம்பந்தப்பட்ட ஒரு படத்தை எடுத்துக்கொள்வோம். 1980-இல் வந்த 'முரட்டுக்காளை'. தயாரிப்பு ஏவி.எம். தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்டு ஸ்டூடியோ நடத்தி, 1947-இல் 'நாம் இருவர்' எடுத்துவிட்டு, பிறகு சென்னைக்குப் போன அதே ஏவி.எம். இயக்கம் காரைக்குடிக்காரர் எஸ்.பி.முத்துராமன். எழுத்து சிறுகூடல்பட்டி பஞ்சு அருணாசலம். அதில் வில்லன் ஜெய்சங்கர். பாத்திரமாகப் பார்த்தால் அதில் ஒன்றும் இல்லை. பணக்காரன், ஆணவக்காரன், காளையை அடக்கியவன் மேல் பொறாமை, கதாநாயகி மேல் கண். ஆனால் பதினைந்து வருஷம் ஹீரோவாகத் துப்பாக்கி தூக்கிய ஜெய்சங்கர் முகத்தைப் பார்த்துவிட்டு வில்லன் முகத்தைப் பார்க்கிறபோது ஜனங்களுக்கு ஏதோ ஒன்று உறுத்தியது. கதைக்குள் இல்லாத ஆழம் நடிகரின் பழைய வாழ்க்கையிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. இது ரொம்ப மலிவான, ஆனால் நன்றாக வேலை செய்கிற வழி. முப்பத்தைந்து வருஷம் கழித்து அரவிந்த் சாமியை வில்லனாகப் போட்டபோதும் பாதி வேலையை இதுதான் செய்தது. 'ரோஜா' பார்த்து அவரைக் காதலித்த தலைமுறை எதிரே உட்கார்ந்திருந்தது.

இப்போது 1995 பொங்கலுக்கு வந்த 'பாட்ஷா'. ரகுவரன் குரலை இறக்கிவிட்டார். மார்க் ஆண்டனி கத்தவில்லை, பேசினான். அதனால் வில்லன்கள் மாறியது பாட்ஷாவில்தான் என்று பலரும் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அந்தப் படத்தின் ஃப்ளாஷ்பேக் யாருடையது என்று பார். மாணிக்கத்துடையது. ஆட்டோ ஓட்டுகிற, அடி வாங்கிக்கொள்கிற மனிதனுக்குப் பின்னால் ஒரு பம்பாய் இருக்கிறது. நண்பனின் சாவு இருக்கிறது. அந்த நண்பனைக் கொல்வது ஆண்டனி ஆட்கள். அதாவது வில்லன், ஹீரோவின் ஃப்ளாஷ்பேக்குக்குள் ஒரு சாமான். ஆண்டனி எப்படி ஆண்டனி ஆனான், அவனுக்கு எது பயம், சின்ன வயதில் எங்கே சாப்பிட்டான், ஒன்றும் தெரியாது. தெரியவேண்டிய அவசியமும் அந்தப் படத்துக்கு இல்லை. ரகுவரன் சத்தத்தை மாற்றினார், உத்தியோகம் பழையதுதான்.

பாட்ஷாவுக்குப் பிறகு வந்த மாஸ் படங்களில் இடைவேளைக்கு அப்புறம் ஃப்ளாஷ்பேக் என்பது ஹீரோவின் சொத்தாகவே ஆகிவிட்டது. அந்தச் சொத்து எப்போது வில்லன் பெயருக்குப் பட்டா மாறியது என்பதுதான் உன் கேள்விக்கு நான் சொல்கிற வரலாறு.

நடுவில் ஒரு அபூர்வம் உண்டு. 1999-இல் 'படையப்பா'வின் நீலாம்பரி. அவளுக்கு ஃப்ளாஷ்பேக்கே கிடையாது, ஏனென்றால் அவளுக்குப் பட்ட அடி முதல் பாதியில் நம் கண்ணெதிரே விழுகிறது. தனக்குத்தான் என்று நினைத்திருந்தவனுக்கு, தன் வீட்டில் வேலை செய்தவளைப் பெண் கேட்கிறார்கள், சபை நடுவில். அப்புறம் 18 வருஷம் ஒரே அறைக்குள் அடைந்து கிடக்கிறாள். அவள் வெளியே வந்து செய்கிற ஒவ்வொன்றும் அந்தச் சபை அவமானத்தின் வட்டிதான். படையப்பா அவள் வீட்டுக்கு வரும்போது உட்கார நாற்காலி போடாமல் வைப்பதைப் பார். சபையில் நிற்கவைக்கப்பட்டவள், சபையில் நிற்கவைக்கிறாள். அவன் மேலே கட்டியிருக்கிற ஊஞ்சலைத் துண்டால் இழுத்து இறக்கி உட்கார்வதைத்தான் எல்லோரும் கைதட்டி ஞாபகம் வைத்திருக்கிறார்கள். எனக்கு அந்தக் காட்சியில் பிடித்தது அந்த இல்லாத நாற்காலி. வந்தவர்களை உட்காரவைக்கிற பட்டாலையில் அவர்களுக்கு இடம் காட்டாமல் இருப்பது எவ்வளவு பெரிய அடி என்று நம்ம பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

ஆனால் அந்த வழியில் மற்றவர்கள் போகவில்லை. 2000-க்குப் பிறகு வடக்கிலிருந்து வில்லன்களைக் கூட்டிவந்தார்கள். உயரம், தாடி, வேறொருவரின் டப்பிங் குரல். ஆசிஷ் வித்யார்த்தி மாதிரி நல்ல நடிகர்கள் அதில் இருந்தார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் வாயும் வார்த்தையும் சேராத ஒருவரை வைத்துக்கொண்டு நீளமான அமைதியான வசனக் காட்சி எழுத எவருக்கும் தைரியம் வராது. உறுமல், கண்ணாடி உடைப்பு, ஜீப் வரிசை என்று அது போனது. விதிவிலக்கு 'கில்லி'யில் பிரகாஷ்ராஜ். முத்துப்பாண்டி முழுக்கக் கார்ட்டூன்தான், ஆனால் காதலிக்கிற கார்ட்டூன். அதனால்தான் இன்னும் உயிரோடு இருக்கிறான்.

பட்டா மாறியது 2015 ஆகஸ்டில், 'தனி ஒருவன்' படத்தில். மோகன் ராஜா படத்தை ஹீரோவோடு ஆரம்பிக்கவில்லை. ஒரு கட்சிக் கூச்சலுக்கு நடுவில் ஒரு குழந்தை பிறக்கிறது. அப்பா செங்கல்வராயன், தலைவர் என்றால் உருகிப்போகிற அப்பாவித் தொண்டன். பையன் பழனி வளர்கிறான். கட்சித் தலைவர் ஒரு கொலையில் மாட்டும் நிலை வரும்போது, பதின்ம வயதில் இருக்கிற அந்தப் பையன், பழியை நான் ஏற்றுக்கொள்கிறேன், பதிலுக்கு அப்பாவுக்கு எம்.எல்.ஏ. சீட் கொடுங்கள் என்று பேரம் பேசுகிறான். பெரியவனாகி, அரவிந்த் சாமி நடிக்கிற சித்தார்த் அபிமன்யு ஆகிறான். ஹீரோ மித்ரனுக்கோ சொல்லிக்கொள்கிற மாதிரி பின்கதையே இல்லை. அவனே எதிரியைத் தேடி அலைகிறான். எதிரி யார் என்பதை வைத்துத்தான் ஒருவனின் தகுதி தெரியும் என்பது அவன் வாதம். ஹீரோ கோபப்படக் காரணம் கொடுத்துக்கொண்டிருந்த வில்லன், ஹீரோ இருப்பதற்கே காரணம் ஆகிவிட்டான்.

இனி இதன் பக்கத்தில் 2021 பொங்கலுக்கு வந்த 'மாஸ்டர்' படத்தை வை. லோகேஷ் கனகராஜ் இயக்கம், விஜய் சேதுபதி வில்லன் பவானி. இதுவும் வில்லனின் சிறுவயதில்தான் தொடங்குகிறது. விஜய் ரசிகர்கள் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருக்க, திரையில் ஒரு பையன் அடி வாங்கிக்கொண்டிருக்கிறான். குடும்பத்தைக் கொன்றவர்கள் அவனை மிரட்டி, தாங்கள் செய்த குற்றங்களை அவன் தலையில் கட்டி, சிறார் இல்லத்துக்கு அனுப்புகிறார்கள். அங்கேயும் அடி. பையன் முஷ்டியை இறுக்கிக்கொள்ளக் கற்கிறான்.

கவனித்தாயா? இரண்டு படத்திலும் நடப்பது ஒரே சம்பவம். பெரியவர்கள் செய்த குற்றத்தை ஒரு பையன் ஏற்கிறான். ஆனால் ஒருவன் விலை கேட்டு ஏற்கிறான், இன்னொருவன் வழியில்லாமல் ஏற்கிறான். இந்த ஒரு வித்தியாசத்திலிருந்து இரண்டு வேறு வில்லன்கள் முளைக்கிறார்கள். சித்தார்த் கடைசிவரை வியாபாரி. யாருக்கு என்ன வேண்டும் என்று பார்த்து விலை வைப்பான், கையில் அழுக்குப் படாது, குரல் உயராது. பவானியோ தன் கையால் குத்திக் கொல்கிறவன். அவன் பெரிய ஆளானதும் செய்கிற முக்கியமான வேலை என்ன? அதே சிறார் இல்லத்துப் பையன்களைப் பிடித்து, போதையில் வைத்து, தன் குற்றங்களை ஏற்கவைப்பது. தனக்குச் செய்யப்பட்டதையே அவன் தொழிலாக்கிக்கொண்டான்.

இதை ஒரு சோதனையாகப் போட்டுப் பார்க்கலாம். மாஸ்டரில் அந்த முதல் பகுதியை மனதால் வெட்டி எறி. பவானிக்கு அந்த இல்லம் ஏன்? மற்ற ரவுடிகள் மாதிரி கூலிக்கு ஆள் பிடித்தால் போதுமே. இல்லம் இல்லையென்றால் பையன்கள் இல்லை. அந்த இரண்டு சகோதரர்களின் சாவு இல்லை. குடித்துவிட்டுக் கிடந்த வாத்தியார் ஜேடி நிமிர்ந்து உட்கார்கிற இடமும் இல்லை. படம் நடுவில் உடைந்துவிடும். பின்கதை அங்கே நடுத்தூண். எடுத்தால் கூரை இறங்கும்.

இதே சோதனையை வேறு பல படங்களில் செய்தால் ஒன்றும் ஆகாது. கிளைமாக்ஸில் வில்லன் ரத்தத்தோடு, "சின்ன வயசில என்னை இந்த ஊரே ஒதுக்கியது" என்று இரண்டு நிமிஷம் பேசுவான். அதை வெட்டினால் படம் இரண்டு நிமிஷம் குறையும், அவ்வளவுதான். அதுவரை அவன் செய்த காரியங்களில் அந்த ஒதுக்கலின் சாயல் எங்கேயும் இருக்காது. அது முகப்பில் சிமெண்டில் வார்த்து ஒட்டிய அன்னம் மாதிரி. பார்க்க அழகு, பாரம் தாங்காது.

மாஸ்டரிலும் எனக்கு ஒரு குறை உண்டு. அவ்வளவு கட்டியெழுப்பிய பிறகு முடிவில் இரண்டு பேரும் அடித்துக்கொள்கிறார்கள், பலசாலி ஜெயிக்கிறார். மாஸ் படத்தின் எல்லை இது. வில்லனுக்கு எவ்வளவு ஆழம் தோண்டினாலும் கடைசிச் சண்டையில் அதை மூடிவிட்டுத்தான் ஹீரோ மேலே நிற்க வேண்டும். 'தனி ஒருவன்' இதைக் கொஞ்சம் நன்றாகச் சமாளித்தது. முடிவும் ஒரு பேரம் மாதிரியே நடந்தது.

இன்னொரு சிக்கல் 2023-இல் 'மாமன்னன்' வந்தபோது தெரிந்தது. ஃபகத் ஃபாசிலின் ரத்தினவேலு, பந்தயத்தில் தோற்ற தன் நாயைத் தானே அடித்துக் கொல்கிறவன். மாரி செல்வராஜ் அவன் யார் என்று அந்த ஒரு காட்சியிலேயே சொல்லிவிட்டார். தனக்குக் கீழே இருப்பது தோற்கக் கூடாது, தோற்றால் இருக்கக் கூடாது. ஆனால் படம் ஓடிடி-க்கு வந்ததும் என்ன ஆனது? ரத்தினவேலுவின் காட்சிகளை வெட்டி, சாதிப் பெருமைப் பாட்டுகளை அடியில் போட்டு, அவனையே ஹீரோவாக்கிப் பரப்பினார்கள். தியேட்டரில் நாயைப் பார்த்துக் கண்ணை மூடியவர்கள் போனில் அந்த நடையைப் பார்த்து ரசித்தார்கள். நல்ல நடிகரிடம் வில்லனைக் கொடுத்து, அவனுக்கு நிதானமும் தோரணையும் கொடுத்தால், இருபது விநாடித் துண்டில் தோரணை மட்டும்தான் மிஞ்சும். வீரப்பாவின் சிரிப்பை வைத்து எவராலும் அப்படிச் செய்திருக்க முடியாது என்று சில சமயம் தோன்றும். பழைய கார்ட்டூன் வில்லனிடம் ஒரு பாதுகாப்பு இருந்தது.

அவன் செத்துவிட்டான் என்றும் நினைக்காதே. அதே 2023-இல் 'ஜெயிலர்' படத்தில் விநாயகன் பின்கதை ஏதும் இல்லாமல், மலையாளம் கலந்து கத்தி, கூத்தடித்து, ஆட்களை ஆசிட் தொட்டியில் இறக்கி, கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார். பழையது போய்ப் புதியது வந்தது என்று நேர்கோடு போட முடியாது. இரண்டும் இருக்கின்றன, எழுதுகிறவர் எடுத்துக்கொள்ளலாம்.

சரி, உன் கதைக்கு வருவோம். வீட்டை இடிக்கிறவன். நீ பெரும்பாலும் யோசித்திருக்கக்கூடியது: சின்ன வயதில் அந்தப் பெரிய வீட்டில் அவன் அம்மா வேலை செய்தாள், அவமானப்பட்டாள், ஆகவே இடிக்கிறான். வேண்டாம். அது எந்த ஊருக்கும் பொருந்தும். கோபம் மட்டும் தெரியும், அவன் வேலை செய்கிற முறை தெரியாது.

நம் வீடுகள் எப்படிக் கைமாறுகின்றன என்பதிலிருந்து ஆரம்பி. ஒரு வீட்டுக்குப் பத்துப் பதினைந்து பங்காளிகள் இருப்பார்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் மலேசியாவில், ஒருவர் இங்கேயே திண்ணையில். எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் வீடு முழுசாக நகரும், அதனால்தான் பல வீடுகள் பூட்டியே கிடக்கின்றன. உன் வில்லனின் அப்பா அப்படி ஒரு பங்காளி என்று வை. நோயில் படுத்திருந்தபோது, மருந்துக்குக் காசு வேண்டிய நேரம் பார்த்து, அவருடைய பங்கை மற்றவர்கள் சொற்பத்துக்கு எழுதி வாங்கிவிட்டார்கள். பத்து வயதுப் பையன், படுக்கையில் அப்பாவின் கையைத் தாங்கிப் பிடித்து, பேனா நடுங்காமல் பார்த்துக்கொண்டான்.

இப்போது அவன் எப்படி வீடு வாங்குவான் என்பது தானாக வரும். பெரிய பங்காளியிடம் போகவே மாட்டான். யாருக்கு மருத்துவச் செலவு, யார் மகள் கல்யாணத்துக்குத் தவிக்கிறார் என்று விசாரித்து, அந்த ஒருவரின் பிரிக்கப்படாத பங்கை முதலில் வாங்குவான். கத்த மாட்டான், பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்ப்பான். அப்புறம் பாகப்பிரிவினை வழக்கு. இங்கே உனக்கு ஒரு நல்ல முடிச்சும் கிடைக்கிறது. குடும்ப வீட்டில் ஒரு பங்கை வாங்கிய வெளியாள் நேராக உள்ளே வந்து குடியேற முடியாது. அவன் வழக்குப் போட்டால், மற்றப் பங்காளிகள் அந்தப் பங்கைக் கோர்ட் வைக்கிற விலைக்குத் தாங்களே வாங்கிக்கொள்ளக் கேட்கலாம். ஆனால் அதற்கு அவர்கள் ஒன்று சேர வேண்டும், பணம் புரட்ட வேண்டும். பங்காளிகள் ஒன்று சேர மாட்டார்கள் என்பது அவனுக்குப் பத்து வயதிலேயே தெரியும்.

இதை ஃப்ளாஷ்பேக்காக நீளமாகக் காட்டாதே, குறும்படம் தாங்காது. ஆரம்பத்தில் ஒரே ஒரு காட்சி போதும். நோயாளி ஒருவரின் கட்டிலருகே உட்கார்ந்து, பத்திரத்தை நீட்டும் முன்பு, அவன் தலையணையைச் சரிசெய்து, அவர் மணிக்கட்டைத் தாங்கிப் பிடிக்கட்டும். ரொம்பப் பழகிய கை மாதிரி. பார்க்கிறவர்களுக்கு அப்போது அது அன்பு மாதிரித் தெரிய வேண்டும். நடுவில் எங்கேயாவது பத்து வயதுப் பையனின் கை அதே மாதிரி பிடித்திருப்பதை ஐந்து விநாடி காட்டு, வசனம் வேண்டாம்.

அப்புறம் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திரு. பர்மா தேக்குத் தூணை எப்படித் தட்டிப் பார்த்து வாங்குகிறார்கள், கதவிலிருந்து பித்தளைக் குமிழை எப்படிக் கழற்றித் தனியாக வைக்கிறார்கள் என்று பார்த்து எழுதிக்கொள். வீடு வேண்டுமென்றால் சொல், முகப்பு இடிந்து வளவு மட்டும் நிற்கிற ஒன்று கோட்டையூர் பக்கம் இருக்கிறது, வாடகை பேசலாம்.